முதலில் பேசியது யார்?

வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு இருந்தால், மூலையில் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும் ரவுட்டருக்குள் ஃபயர்வால் ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். தனியாக அதை யாரும் வாங்குவதில்லை. இணைப்பு கொடுத்தவர் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போன அன்றே அது வேலையைத் தொடங்கிவிடுகிறது. "ஃபயர்வால் இருக்கிறதே, பிறகெப்படிப் பணம் போயிற்று?" என்று ஏமாந்தவர்கள் கேட்பதுண்டு. அது என்ன பார்க்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மடிக்கணினியில் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். வீட்டுக்குள் அந்தக் கணினியின் முகவரி 192.168.1.5. இந்த முகவரி வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியே போகும்போது ரவுட்டர் தன் சொந்த முகவரியைப் போட்டு அனுப்புகிறது. அனுப்பும் முன் தன் நினைவகத்தில் இப்படி ஒரு வரி எழுதிக்கொள்கிறது:

```
192.168.1.5:51514 -> 203.0.113.20:443
```

இடப்பக்கம் இருப்பது உங்கள் கணினி, வலப்பக்கம் இருப்பது செய்தித் தளம். முக்காற்புள்ளிக்குப் பின்னால் வருவது போர்ட் எண். ஒரே கணினியில் பல நிரல்கள் ஒரே நேரத்தில் பேசுவதால், எந்தப் பேச்சு எதற்கு உரியது என்று பிரித்துக் காட்ட அந்த எண் உதவுகிறது. இணையதளங்கள் பூட்டிட்ட இணைப்புக்கு 443 என்ற போர்ட்டில் காத்திருக்கும். தளத்திலிருந்து பதில் வந்ததும் ரவுட்டர் தன் பட்டியலைப் பார்க்கிறது. அந்த வரி இருக்கிறது, எனவே பதில் உள்ளே போகிறது. பேச்சு முடிந்தாலோ, சிறிது நேரம் இரு பக்கமும் மௌனமாக இருந்தாலோ அந்த வரி அழிந்துவிடும்.

யாரும் அழைக்காமலேயே வெளியிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால்? பட்டியலில் அதற்கான வரி இல்லை. ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிடும், பதில்கூடச் சொல்லாது. இணையத்தில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் தட்டல்கள் எல்லாம் இப்படித்தான் வாசலிலேயே விழுகின்றன. 2017 மே மாதம் உலகைக் கலங்கடித்த வானாக்ரை, விண்டோஸ் கணினிகளின் 445 என்ற போர்ட் வழியாகத் தானாகப் பரவியது. ரவுட்டருக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கணினிகளுக்கு அது வெளியிலிருந்து நேராக வந்து சேர முடியாததற்குக் காரணம் இந்தப் பட்டியல்தான். அந்த உதவி சிறியதல்ல.

ஆனால் அதன் விதியைக் கவனியுங்கள். வந்தது நல்லதா கெட்டதா என்று அது கேட்கவில்லை. பேச்சைத் தொடங்கியது உள்ளே இருப்பவரா, வெளியே இருப்பவரா என்பது மட்டுமே கேள்வி. உள்ளிருந்து தொடங்கினால் வழி திறந்துவிடும். மோசடிக்காரர்களுக்கும் இந்த விதி நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் கதவைத் தட்டுவதை விட்டுவிட்டு, உள்ளே இருப்பவரைப் பேசவைக்கிறார்கள்.

இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் பரவியிருக்கும் திருமண அழைப்பிதழ் மோசடி இதற்குச் சரியான உதாரணம். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. பெயர் கல்யாணப் பத்திரிகை போல இருக்கும், முடிவில் மட்டும் .apk என்று இருக்கும். அது படமோ பிடிஎஃப்போ அல்ல, ஆண்ட்ராய்டு செயலி. இங்கே ஃபயர்வால் கண்டது என்ன? வாட்ஸ்அப்புடன் ஏற்கெனவே உங்கள் ஃபோன் தொடங்கி வைத்திருந்த பேச்சு. அதன் வழியே வந்தது வாழ்த்தா வைரஸா என்று பார்க்க வழியே இல்லை, உள்ளடக்கம் முழுக்கப் பூட்டியிருக்கிறது. கோப்பைத் தொட்டதும், அறியாத இடத்திலிருந்து செயலி நிறுவ அனுமதிக்கலாமா என்று ஃபோன் கேட்கும். உண்மையான தடுப்பு அந்தக் கேள்விதான். அதற்குச் சம்மதித்து, அடுத்து குறுஞ்செய்திகளைப் படிக்கவும் சம்மதித்துவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓடிபியை அந்தச் செயலி படித்து வெளியே அனுப்பத் தொடங்கும். அதுவும் செய்தித் தளத்துக்குப் போகும் அதே 443 வழியாகவே போகலாம். ரவுட்டரின் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேரும். மற்ற வரிகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட எதுவும் இருக்காது.

ஃபோன் மொபைல் டேட்டாவில் இருந்தால் வீட்டு ரவுட்டருக்கு இதில் பங்கே கிடையாது. அப்படியொரு கோப்பை நிறுவிவிட்டதாகத் தோன்றினால் உடனே டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொரு ஃபோனிலிருந்து வங்கியையும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழைக்க வேண்டும். ஃபோனின் அமைப்புகளில் குறுஞ்செய்தி அனுமதி பெற்றுள்ள செயலிகளின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் இருந்தால் அங்கே கண்ணில் படும்.

கதவே திறந்துகிடக்கும் வீடுகளும் உண்டு. வெளியூரிலிருந்தபடி வீட்டு கேமராவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், சில இடங்களில் ரவுட்டரில் ஒரு போர்ட்டைக் கேமராவுக்குத் திருப்பிவிட்டுப் போய்விடுவார்கள். யாரும் கை வைக்காமலும் இது நடக்கும். UPnP என்ற வசதி இயங்கினால், உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் ரவுட்டரிடம் "எனக்கு இந்தப் போர்ட்டைத் திற" என்று கேட்கலாம். வழக்கமாக ரவுட்டர் பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் திறந்துவிடும். இப்படி வெளியே தெரிந்த கருவிகள் என்ன ஆகும் என்பதை 2016இல் மிராய் காட்டியது. அந்த நிரல் இணையம் முழுவதும் டெல்நெட் போர்ட்களான 23, 2323 ஆகியவற்றைத் தட்டிப் பார்த்தது. திறந்திருந்தால், தயாரிப்பாளர்கள் போட்டுவைத்த 60க்கும் மேற்பட்ட பயனர் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகளிலிருந்து எடுத்து முயன்றது. மாட்டியவை பெரும்பாலும் கேமராக்கள், வீடியோ பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தின் மீது அவை ஒன்றாகப் பாய்ந்தபோது ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. உள்ளிருந்து கிளம்பிய அந்தத் தாக்குதலைத் தடுக்க வீட்டு ஃபயர்வால்களிடம் எந்த விதியும் இல்லை.

இன்னொரு குருட்டுப் பக்கம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கேமராவும் மடிக்கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால், அவை ஒன்றோடொன்று பேசுவதை ஃபயர்வால் பொதுவாகச் சோதிப்பதில்லை. கேமரா கெட்டுப்போனால் மடிக்கணினி அதன் பக்கத்து வீடு. கேமரா, டிவி, ஸ்மார்ட் பல்பு போன்றவற்றை ரவுட்டரில் உள்ள கெஸ்ட் வைஃபைக்கு மாற்றிவிடுவது இதற்கு நல்ல மாற்று. கணினியில் உள்ள விண்டோஸ் ஃபயர்வாலையும் அணைக்காமல் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளிருந்து வரும் தட்டலைப் பார்ப்பது அதுதான்.

ரவுட்டரின் பக்கத்தை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியில், ஒருமுறை திறந்து பாருங்கள். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத வரி இருந்தால் நீக்குங்கள். UPnP தேவையில்லையென்றால் அணையுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் மூடுங்கள். IPv6 இயங்கினால், அதற்கான ஃபயர்வால் தனி வரியாக இருக்கிறதா, இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். IPv6இல் ஒவ்வொரு கருவிக்கும் இணையத்தில் செல்லுபடியாகும் சொந்த முகவரி கிடைக்கிறது. பழைய முறையில் முகவரி மாற்றத்தாலேயே கிடைத்த மறைவு அங்கே இல்லை.