கூட்டும் வரிசை மாறினால் விடையும் மாறும்

மளிகைக் கடை பில்லை மேலிருந்து கூட்டினாலும் கீழிருந்து கூட்டினாலும் தொகை ஒன்றுதான். வேறு தொகை வந்தால் கடைக்காரர் தப்பாகக் கூட்டிவிட்டார் என்போமே தவிர, வரிசையைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பில்லுக்கு முடிவே இல்லை என்றால் இந்த நம்பிக்கை எப்போதும் பலிப்பதில்லை. ஜெர்மானியக் கணிதவியலாளர் டிரிஷ்லெ 1837இல் இதைக் கவனித்து எழுதினார்: சில முடிவிலித் தொடர்களில் உறுப்புகளின் வரிசையை மாற்றினால் விடையே மாறிவிடுகிறது.

அப்படி ஆட்டம் காட்டும் தொடர்களில் மிக எளியது இது:

1 − 1/2 + 1/3 − 1/4 + 1/5 − 1/6 + …

ஒன்றைக் கூட்டு, அடுத்ததைக் கழி என்று போய்க்கொண்டே இருக்கிறது. பத்து உறுப்பு வரை கணக்கிட்டால் 0.6456 வரும். நூறு வரை போனால் 0.6882. ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிடச் சிறியது. ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் என்று தள்ளாடியபடியே தொடர் 0.6931… என்ற எண்ணை நெருங்குகிறது. அது 2இன் இயல் மடக்கை. இப்படி ஓர் எண்ணில் போய் நிலைகொள்வதைத்தான் தொடர் ஒருங்குகிறது என்கிறார்கள்.

இப்போது அதே எண்களை வேறு வரிசையில் கூட்டலாம். ஒரு கூட்டலுக்கு இரண்டு கழித்தல்:

1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + 1/5 − 1/10 − 1/12 + …

எந்த எண்ணும் விடுபடவில்லை, எதுவும் இருமுறை வரவில்லை. ஒற்றைப்படைப் பின்னங்கள் எல்லாம் கூட்டலாகவும் இரட்டைப்படைப் பின்னங்கள் எல்லாம் கழித்தலாகவும் என்றாவது ஒருநாள் வந்தே தீரும். இனி மும்மூன்றாகப் பார்க்கலாம். 1 − 1/2 என்பது 1/2. ஆக முதல் மூன்றும் சேர்ந்து 1/2 − 1/4. 1/3 − 1/6 என்பது 1/6. ஆக அடுத்த மூன்றும் 1/6 − 1/8. அதற்கடுத்தவை 1/10 − 1/12. மொத்தம் 1/2 − 1/4 + 1/6 − 1/8 + … என்று ஆகிறது. இது முதல் தொடரின் ஒவ்வோர் உறுப்பிலும் சரிபாதி! விடை 0.3466.

இதைப் பார்க்கும் மாணவர்கள் அடைப்புக்குறி போட்டதில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுவது வழக்கம். அதில் பிழையே இல்லை. ஒருங்கும் தொடரில், வரிசையைக் கலைக்காமல் பக்கத்துப் பக்கத்து உறுப்புகளைச் சேர்த்துக் கூட்டினால் விடை மாறாது. வித்தியாசம் வந்த இடம் வேறு. அதைக் கண்டுபிடிக்க, கூட்டலை நடுவில் நிறுத்திக் கணக்குப் பார்க்க வேண்டும்.

நூறு சுற்று முடிந்ததும் நிறுத்துவோம். நூறு கூட்டல் எண்கள் வந்திருக்கின்றன. கழித்தல் எண்கள் இருநூறு. பழைய வரிசையில் இருநூறு கழித்தலுக்கு இருநூறு கூட்டல் வந்திருக்கும். ஆக நூறு கூட்டல்கள் பாக்கி நிற்கின்றன: 1/201, 1/203 என்று தொடங்கி 1/399 வரை. தனித்தனியே பார்த்தால் அற்பத் தொகைகள். ஆனால் ஒவ்வொன்றும் 1/400ஐவிடப் பெரிது, மொத்தம் நூறு இருக்கின்றன என்பதால் பாக்கி கால் பங்குக்குக் குறையாது. உண்மையில் அது ஏறத்தாழ 0.3466. சரி, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பாக்கி தீர்ந்துவிடாதா? ஆயிரம் சுற்று முடிந்து பார்த்தால் பழைய பாக்கி வந்து சேர்ந்திருக்கும். ஆனால் 1/2001 முதல் 1/3999 வரை ஆயிரம் புதுப் பாக்கி நிற்கும். அதன் தொகையும் அதே 0.3466தான். எவ்வளவு தூரம் போனாலும் பாக்கியின் ஆட்கள் மாறுகிறார்கள், தொகை குறைவதில்லை. விடையில் காணாமல் போன பாதி அங்கேதான் இருக்கிறது.

பாக்கி ஏன் வற்றவில்லை? கூட்டல் எண்களை மட்டும் தனியே எடுத்து 1 + 1/3 + 1/5 + … என்று கூட்டிப் பார்த்தால் காரணம் புரியும். அதற்கு எல்லையே கிடையாது. கழித்தல் பக்கமும் அப்படியே. குறிகளை எல்லாம் நீக்கிவிட்டால் கிடைக்கும் 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற இசைத்தொடர் எல்லையில்லாமல் வளரும் என்பதை 14ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் நிக்கோல் ஒரேம் காட்டிவிட்டார். 1/3 + 1/4 அரையைவிடப் பெரிது. 1/5 முதல் 1/8 வரையும் அரையைவிடப் பெரிது. 1/9 முதல் 1/16 வரையும் அப்படியே. அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போனால் எல்லை ஏது? வளர்ச்சி என்னவோ ஆமை வேகம்தான். தொகை 10ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும்.

குறிகளோடு இருக்கும்போது ஒருங்கி, குறிகளை நீக்கினால் ஒருங்காமல் போவதற்கு நிபந்தனை ஒருங்கல் என்று பெயர். குறிகளை நீக்கினாலும் ஒருங்குவது அறுதி ஒருங்கல். கல்லூரி வகுப்புகளில் காதில் விழும் ‘அப்சல்யூட் கன்வர்ஜென்ஸ்’ இதுதான். நிபந்தனை என்ற சொல்லைக் கேட்டதும், ஏதோ அரைகுறையாக ஒருங்குகிறது போலும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. கொடுத்த வரிசையில் அது முழுமையாகவே ஒருங்குகிறது. விடை வரிசையை நம்பி நிற்கிறது, அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அறுதித் தொடர்: 1 − 1/2 + 1/4 − 1/8 + 1/16 − … இதன் விடை 2/3. குறிகளை நீக்கினால் 2. இங்கேயும் ஒரு தடுமாற்றம் வருவதுண்டு: அந்த 2 தொடரின் விடை அல்ல, சோதனைக்காகக் கூட்டிப் பார்த்தது மட்டுமே. கூட்டல் பக்கம் தனியே 4/3, கழித்தல் பக்கம் தனியே 2/3. வரவு ஒரு பை, செலவு ஒரு பை, இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. இதிலும் ஒரு கூட்டல், இரண்டு கழித்தல் என்று வரிசையைக் கலைக்கலாம். முதல் சுற்றில் 0.375, இரண்டாவதில் 0.5859, மூன்றாவதில் 0.6460 என்று ஏறி மறுபடி 2/3க்கே வந்து சேர்கிறது. ஐந்தாம் சுற்று முடிவில் கூட்டல் பாக்கி வெறும் 0.0013. பத்தாம் சுற்றில் பத்து லட்சத்தில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். பாக்கி வற்றிவிடுவதால் எந்த வரிசையில் கூட்டினாலும் பாதகமில்லை.

நிபந்தனைத் தொடரிலோ இரண்டு பைகளுக்கும் அடி இல்லை. ரீமான் இதைப் பிடித்துக்கொண்டார். 1854இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வில், இத்தகைய தொடரை வரிசை மாற்றி நாம் விரும்பும் எந்த எண்ணுக்கும் கொண்டுவரலாம் என்று காட்டினார். அவர் இறந்த பிறகே அது அச்சேறியது. வழிமுறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. 1.5 வேண்டுமா? அதைத் தாண்டும்வரை கூட்டல் எண்களை எடுக்க வேண்டும்: 1 + 1/3 + 1/5 = 1.5333. தாண்டியாயிற்று, இனிக் கீழே இறங்கும்வரை கழித்தல்: 1/2 போனால் 1.0333. மறுபடி 1/7, 1/9, 1/11, 1/13, 1/15 என்று கூட்டினால் 1.5218. 1/4ஐக் கழித்தால் 1.2718. இன்னும் ஐந்து கூட்டல்கள், 1/17 முதல் 1/25 வரை, சேர்ந்தால் 1.5144. பிறகு 1/6 போகும். பைகள் வற்றாததால் தாண்டுவதும் இறங்குவதும் என்றைக்கும் நிற்காது. எண்கள் சிறுத்துக்கொண்டே போவதால் தாண்டும் அளவும் சிறுத்து 1.5இல் வந்து ஒடுங்கும். 1.5க்குப் பதில் மைனஸ் நூறு என்றாலும் இதே வழிதான். பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவனின் மரபில் வழங்கி, 16ஆம் நூற்றாண்டில் ‘யுக்திபாஷா’ விளக்கிச் சொன்ன 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்ற தொடரும் இந்தச் சாதிதான். அதன் விடை பையில் கால் பங்கு. இரண்டு கூட்டல், ஒரு கழித்தல் என்று அதைக் கலைத்துவிட்டு நான்கால் பெருக்கினால் 3.14 வருவதற்குப் பதில் 3.83 வரும்.

குறிகள் மாறி மாறி வந்து உறுப்புகள் பூஜ்யத்தை நோக்கிப் போனாலே ஒருங்கிவிடும் என்று நம்புவது தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை. 1 − 1/2 + 1/2 − 1/4 + 1/3 − 1/8 + 1/4 − 1/16 + … என்ற தொடர் அந்த நம்பிக்கையைக் கவிழ்த்துவிடும். குறி மாறுகிறது, உறுப்புகளும் பூஜ்யத்துக்குப் போகின்றன. ஆனால் கழித்தல் பக்கம் மொத்தமே 1தான். கூட்டல் பக்கம் இசைத்தொடர். எல்லையில்லாமல் வளர்ந்துவிடும். உறுப்புகளின் அளவு ஒருபோதும் ஏறாமல் இறங்கிக்கொண்டே போக வேண்டும் என்ற நிபந்தனை இங்கே விடுபட்டுப்போயிற்று. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: கழித்தல் குறியைப் பார்த்ததுமே நிபந்தனை ஒருங்கல் என்று எழுதிவிடுவது. 1 − 1/4 + 1/9 − 1/16 + … தொடரில் குறிகளை நீக்கினாலும் 1.6449 என்ற எல்லைக்குள்தான் நிற்கும். அது அறுதி ஒருங்கலே.

இதெல்லாம் தாளோடு நிற்கும் விவகாரம் என்று நினைத்தால், சமையலறை உப்பிலும் அது இருக்கிறது. உப்புப் படிகத்தில் ஒரு சோடியம் அயனியைச் சுற்றி மிக அருகில் 6 குளோரைடு அயனிகள், சற்றுத் தள்ளி 12 சோடியம், அதற்கப்பால் 8 குளோரைடு என்று போகும். எதிர் மின்னூட்டம் இழுக்கும், ஒத்த மின்னூட்டம் தள்ளும். படிகத்தின் பிணைப்பு ஆற்றலைக் காண 6 − 12/√2 + 8/√3 − … என்று தொலைவு வாரியாகக் கூட்ட வேண்டும். கோளம் கோளமாக விரித்துக் கூட்டினால் 6, −2.49, 2.13, −0.87, 9.87 என்று எகிறிக் குதிக்கிறது, எங்கும் நிலைகொள்வதில்லை. கனசதுரம் கனசதுரமாக விரித்துக் கூட்டினால் 1.7476இல் அமர்கிறது. இயற்பியலாளர்கள் மாடலங் மாறிலி என்று வழங்கிவந்த அந்த எண்ணுக்குக் கனசதுர வழி உண்மையிலேயே ஒருங்குகிறது என்பதை டேவிட் போர்வைன், ஜொனதன் போர்வைன், கீத் டெய்லர் ஆகிய மூவரும் 1985இல் நிறுவிக் காட்டினார்கள்.