"எப்பவாவது கொஞ்சம்" என்றால் எவ்வளவு?

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான்.

"குடிப்பழக்கம் உண்டுங்களா?"

"எப்பவாவது கொஞ்சம் டாக்டர். கல்யாணம் காட்சின்னா."

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி பேச மாட்டார். டாக்டரும் "எப்போதாவது" என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

ஒரு கட்டட மேஸ்திரியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வயது 52. அடிவயிற்றில் ஹெர்னியா, வலை வைத்துத் தைக்க வேண்டும். உயிர் போகிற அவசரம் இல்லை, தேதியை அவர் வசதிக்குத்தான் குறிக்கிறார்கள். தினமும் வேலை முடிந்ததும் ஒரு குவார்ட்டர். அதாவது 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, விஸ்கி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் பார்த்தால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்தமான சாராயம் இருக்கிறது. அவர் போதையில் தள்ளாடுகிறவர் இல்லை, ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை. அதனால் தன்னைக் குடிகாரர் கணக்கில் சேர்த்துக்கொள்வதும் இல்லை.

மயக்க மருந்தைப் பொறுத்தவரை குடி இரண்டு எதிரெதிர் திசைகளில் இழுக்கும். குடித்துவிட்டே ஆபரேஷனுக்கு வந்தால் மூளை ஏற்கெனவே பாதி மந்தமாக இருக்கும். வழக்கமான அளவு மருந்தே அதிகமாகிவிடும். போதாக்குறைக்கு வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்தும் உண்டு. ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று இப்போது பல மருத்துவமனைகளில் சொல்கிறார்கள். அந்தத் "தண்ணி" வேறு, இந்தத் "தண்ணி" வேறு.

தினமும் குடிப்பவர் குடிக்காமல் வந்தால் கதை நேர்மாறு. மூளையை அமைதிப்படுத்தும் பொருளுக்கு அவர் நரம்புகள் பழகிப்போயிருக்கும். மற்றவரைத் தூங்கவைக்கும் அளவு மருந்து அவருக்குப் போதாமல் போகலாம். இதிலும் ஒரு சிக்கல்: கல்லீரல் நன்றாகக் கெட்டுப்போயிருந்தால் சில மருந்துகள் உடம்பைவிட்டு வெளியேற வழியில்லாமல் நெடுநேரம் தங்கிவிடும். கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் முடிவெடுக்க, நோயாளி சொல்லும் கணக்குதான் முதல் துப்பு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். பல வருடம் குடித்தவருக்கும் கல்லீரல் ரிப்போர்ட் சுத்தமாக வருவது உண்டு.

அடுத்தது ரத்தக் கசிவு. ரத்தம் உறைவதற்கு முதலில் ஓடிவருபவை பிளேட்லெட் அணுக்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம்வரை இருக்க வேண்டும். தொடர்ந்து அதிகமாகக் குடித்தால் எலும்பு மஜ்ஜையில் இவற்றின் உற்பத்தி படுத்துவிடும். ஹெர்னியாவுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். பிளேட்லெட் மிகவும் குறைந்திருந்தால் ஊசி போன பாதையில் ரத்தம் கட்டி நரம்புகளை அழுத்தலாம். அபூர்வம்தான், ஆனால் கால்கள் செயலிழக்கும் அளவுக்குப் போகக்கூடியது. ஆபரேஷன் செய்த இடத்திலும் கசிவு நிற்காமல் விதைப்பைவரை ரத்தம் கட்டி வீங்கலாம். குடியால் மட்டும் குறைந்த பிளேட்லெட், நிறுத்திய ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் ஏறிவிடும். ரத்தம் உறையத் தேவையான புரதங்களைச் செய்யும் கல்லீரல் கெட்டிருந்தால் அவ்வளவு சீக்கிரம் சரியாகாது.

இதையெல்லாம்விட வீட்டுக்காரர்களை நடுங்கவைப்பது மூன்றாவது இரவு. நம் மேஸ்திரி ஞாயிறு இரவு கடைசியாகக் குடிக்கிறார். திங்கள் மாலை அட்மிஷன், செவ்வாய் காலை ஆபரேஷன். திங்கள் இரவே கை லேசாக நடுங்கி, வியர்த்திருக்கும். பயத்தில் என்று நினைத்திருப்பார்கள். செவ்வாயன்று நாடித்துடிப்பு ஏறும். வலி என்று நினைப்பார்கள். புதன் இரவு அவர் போர்வையைப் பிய்க்கிறார், சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார், மனைவியை அடையாளம் தெரியவில்லை, கட்டிலைவிட்டு இறங்கி ஓடப் பார்க்கிறார். "மயக்க மருந்து மூளைக்கு ஏறிடுச்சு" என்பார் ஒருவர். "காத்து கருப்பு" என்பார் இன்னொருவர். உண்மையில் இது குடியைத் திடீரென்று நிறுத்தியதால் வரும் ஜன்னி. கடைசிக் குடிக்குப் பின் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் வரும்; அதற்கு முன்பே முதல் இரண்டு நாளில் வலிப்பும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. முன்கூட்டியே தெரிந்திருந்தால் நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைத் தொடங்கியிருப்பார்கள். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன் தயமின் என்ற பி1 வைட்டமினையும் ஊசியில் கொடுத்திருப்பார்கள். புதிய தையலோடு ஒருவர் கட்டிலில் கிடந்து திமிறினால் உள்ளே வைத்த வலை என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

புண் ஆறுவதிலும் குடிக்குப் பங்குண்டு. கிருமியோடு சண்டைபோடும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும், புதுத் திசு வளர்வது தாமதமாகும். வலையில் சீழ் பிடித்தால் சில சமயம் அதையே எடுக்க வேண்டிவரும். டென்மார்க்கில் ஹான்னே டோன்னெசன் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே முக்கியம். தினமும் குறைந்தது 60 கிராம் சாராயம் குடிப்பவர்கள், கல்லீரல் நோய் இல்லாதவர்கள், பெருங்குடல் ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்கள் என 42 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரை ஒரு மாதம் முன்பே, டைசல்ஃபிராம் மாத்திரையின் உதவியோடு, குடியை நிறுத்தவைத்தார்கள். தொடர்ந்து குடித்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் சிக்கல். நிறுத்தியவர்களில் 31 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆபரேஷனும் ஹெர்னியாவைவிடப் பெரியது. ஆனால் அந்த 60 கிராமைக் கவனியுங்கள்: நம் மேஸ்திரியின் குவார்ட்டர்.

எனவே தேதி குறிக்கும்போதே உண்மையைச் சொன்னால் குறைந்தது நான்கு வாரம் கையில் கிடைக்கும். அதற்காக இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலிருந்து ஒரேயடியாக நிறுத்தப்போகிறேன் என்று கிளம்பக் கூடாது. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்கள் மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

டாக்டரிடம் "கொஞ்சம்" என்று சொல்லாமல் எந்த சரக்கு, எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள், கடைசியாக எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். தூக்க மாத்திரை போடுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனைவி முன்னால் சங்கடமாக இருந்தால் "டாக்டர், தனியா ஒரு நிமிஷம்" என்றால் போதும், அவர்களுக்குப் புரியும். கேஸ் ஷீட்டில் எழுதினால் இன்ஷூரன்ஸ் பணம் வராதோ என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. அதற்குப் பாலிசியின் விதிகளைப் படித்துப் பார்ப்பதுதான் வழி, டாக்டரிடம் மறைப்பதில்லை.

வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. குடியை மறக்கவைக்கும் மருந்து என்று எங்கோ வாங்கிய பொடியை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பொடியில் பெரும்பாலும் இருப்பது மேலே சொன்ன அதே டைசல்ஃபிராமாக இருக்கலாம். தெரியாமல் கொடுத்தால் அதுவே ஆபத்து. மயக்கத்தில் இருக்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடவும் கூடும். மருந்து கலந்திருப்பது அவருக்கே தெரியாது என்பதால், கலந்தவர்தான் மயக்க மருந்து டாக்டரைத் தனியே பார்த்து, எந்தப் பொடி, கடைசியாக எப்போது கொடுத்தது என்று சொல்லியாக வேண்டும். பாக்கெட் மிச்சமிருந்தால் அதையும் எடுத்துப் போகலாம்.