கழுத்துக் கருமை அழுக்கு அல்ல

சென்ற ஆண்டு பள்ளிவாசல் மஹாலில் நாம் நடத்திய இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாமுக்கு ஒரு சகோதரி தம் கணவரை அழைத்து வந்திருந்தார். கூடவே பதினைந்து வயது மகளும் வந்திருந்தாள். வெயில் நேரத்திலும் துப்பட்டாவைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றியிருந்தாள். பரிசோதித்த பெண் டாக்டர் தனியே அழைத்துப் பார்த்தார். பின்கழுத்து முழுக்கக் கருமை, அதன் மேல் ஆங்காங்கே சிவந்த சிராய்ப்பு. "எலுமிச்சம்பழத் தோலில் சர்க்கரையைத் தொட்டு தினமும் தேய்க்கிறேன் டாக்டர். சரியாகக் குளிக்க மாட்டேன் என்கிறாள், அதான் அழுக்கு படிந்துவிட்டது" என்றார் தாயார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. ஐவேளையும் ஒளு செய்கிற பிள்ளையின் கழுத்தில் அப்படி என்ன அழுக்கு தங்கிவிடும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நமக்கும் அன்றுவரை இது தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருமைக்கு மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் காரணம் எளிது. நாம் சாப்பிடும் சோறும் பரோட்டாவும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் வேண்டும். உடல் பருமன் கூடும்போது, முக்கியமாக வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது, தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லைக் கேட்பது குறைந்துவிடுகிறது. கணையம் விடுவதில்லை. ஒரு பங்கு சுரக்க வேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று பங்கு சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கப் பார்க்கிறது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள்.

இப்படி மிதமிஞ்சிச் சுரந்த இன்சுலின் தோலின் செல்களையும் தூண்டிவிடுகிறது. அவை வேகமாகப் பெருகுகின்றன. தோல் தடித்து, நுண்ணிய மடிப்புகள் விழுகின்றன. கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இந்தத் தடிப்பினால்தான். எனவே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாகி, இன்னும் கறுக்கும். கடையில் விற்கும் சிவப்பழகு கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது தோலை மெலிய வைத்துவிடும்.

அழுக்கா, இதுவா என்று எப்படி அறிவது? விரலால் தடவினால் வெல்வெட் துணி போல மெத்தென்று, சற்றுத் தடிப்பாக இருக்கும். பின்கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் இரு பக்கமும் ஒரே மாதிரி வரும். சிலருக்கு விரல் முட்டிகளிலும் தெரியும். சந்தேகமிருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒருமுறை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். சோப்புக்குப் போகாத படிந்த அழுக்கும் ஸ்பிரிட்டில் வந்துவிடும். இந்தக் கருமை வராது.

அந்த முகாமில் டாக்டர் அடுத்துப் பார்த்தது தகப்பனாரின் கழுத்தை. வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, கடையில் உட்கார்ந்தே வியாபாரம் செய்பவர். கழுத்தைச் சுற்றி அரிசி அளவில் ஏழெட்டு மருக்கள், மெல்லிய காம்பில் தொங்கிக்கொண்டு இருந்தன. இவற்றை ஸ்கின் டேக் என்கிறார்கள். "தலைமுடியைக் கட்டி ரெண்டை விழ வைத்தேன், திரும்ப நாலு வந்துவிட்டது" என்று சிரித்தார். இவையும் பெரும்பாலும் அதே இன்சுலின் மிகுதியோடு சேர்ந்து வருபவை. வயது ஏறும்போதும், தோலோடு தோல் உரசும் இடத்திலும் யாருக்கும் ஒன்றிரண்டு வரலாம். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பல மருக்கள், கருமை, தொப்பை என்று சேர்ந்து வந்தால் கட்டாயம் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். மூன்றும் சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை உண்டு. பெரியவர்களுக்கானது. ஊசி இல்லை, டேப் போதும். அன்று அவருக்குப் போட்டுப் பார்த்தார்கள். வயது 46, அதற்கு 20. இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ., அதற்கு 10. உடற்பயிற்சியும் இல்லை, உடலுழைப்பும் இல்லை என்பதால் 30. அவருடைய தாயாருக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் 10. மொத்தம் 70. அறுபது வந்தாலே ஆபத்து அதிகம் என்று கணக்கு. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே இந்தக் கணக்கில் இடுப்புக்கு மதிப்பெண் ஏறத் தொடங்குகிறது.

மகளுக்கு வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 90. நூறுக்குக் கீழே இருந்தால் சரி என்பதால் தாயாருக்கு நிம்மதி. டாக்டருக்கு இல்லை. கணையம் மிகையாக உழைத்துக்கொண்டிருக்கும்வரை வெறும் வயிற்றுச் சர்க்கரை நல்லபடியாகவே காட்டும். அதனால் வேறொரு நாள் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். மகளுக்கு 152, தகப்பனாருக்கு 168. 140 முதல் 199 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 200-ஐத் தொட்டால் நோய். பிள்ளைக்கு மாதவிலக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வந்திருக்கிறது. தாயார் அதை வெளியே சொல்லவே இல்லை. கழுத்துக் கருமை, எடை, மாதவிலக்குக் கோளாறு மூன்றும் பல பெண் பிள்ளைகளிடம் சேர்ந்தே காணப்படும் என்று சொல்லி, மகப்பேறு டாக்டரையும் பார்க்கச் சொன்னார்.

முந்தைய நிலையில் இருப்பவர் என்ன செய்தால் பலன் என்பதை சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து, 2006-ல் வெளியிட்டார்கள். எந்த மாற்றமும் செய்யாதவர்களில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். சாப்பாட்டைத் திருத்தி, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தவர்களில் 39 பேர். இதில் நம்மைக் கவர்ந்த ஒரு விஷயம், அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பது. அப்படியும் பலன் கிடைத்தது. எடை இறங்கவில்லையே என்று நடையை நிறுத்திவிடுபவர்கள் நம்மில் நிறைய பேர்.

அந்தக் குடும்பத்தில் பாட்டில் குளிர்பானமும் கடை பரோட்டாவும் நின்றன. சோறு பாதியாகி, காய்கறியும் மீன் குழம்பும் கூடின. இஷாவுக்குப் பிறகு அத்தாவும் மகளும் சேர்ந்து நடக்கிறார்கள். ஆறு மாதத்தில் பிள்ளைக்கு 4 கிலோ குறைந்தது. முதலில் தோலின் தடிப்பு குறைந்து மிருதுவாயிற்று. நிறம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மருக்கள் எடை குறைவதால் உதிர்வதில்லை. துணியில் மாட்டி இரத்தம் வந்தால் தோல் டாக்டர் சில நிமிடங்களில் சுட்டு எடுத்துவிடுவார். வீட்டில் பிளேடால் அறுக்க வேண்டாம். சர்க்கரை இருப்பவருக்குப் புண் சீழ் பிடிக்கும்.

எல்லாக் கருமையும் இன்சுலினால் வருவது அல்ல. தைராய்டு குறைபாட்டாலும், சில மாத்திரைகளாலும் வரலாம். ஒரு வகையை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. வயதானவருக்கு, ஒல்லியானவருக்கு, திடீரென்று சில வாரங்களில் பரவி, உள்ளங்கையிலும் வாயிலும் தெரிந்து, உடம்பும் இளைத்தால் அது உள்ளுறுப்புப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். அத்தகையவரை அன்றைக்கே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். மற்றவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். போகும்போது, சட்டைக் காலரையோ துப்பட்டாவையோ விலக்கிக் கழுத்தையும் காட்டுங்கள்.