எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை

தியோஃபிலின் ஆஸ்துமாவுக்கான பழைய மருந்து. 1888-ல் ஆல்பிரெக்ட் கோசல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் தேயிலையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். இன்றும் பல நாடுகளில் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். ஆனால் அளவில் கொஞ்சம் பிசகினாலும் தொல்லைதான். ஒரு லிட்டர் ரத்தத்தில் 10 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இழுப்பு சரியாக அடங்காது. 20-ஐத் தாண்டினால் குமட்டல், கை நடுக்கம், படபடப்பு என்று தொடங்கி, இன்னும் ஏறினால் வலிப்புவரை போகலாம். மருத்துவ நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்த இந்த 10–20 இடைவெளிக்குள் மருந்தை நிறுத்தி வைக்க எத்தனை மில்லிகிராம் தர வேண்டும், எத்தனை மணிக்கு ஒருமுறை தர வேண்டும்? இதற்கு விடை கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடக் கணிதத்துக்கு ஒரு படி மேலே போனால் போதும்.

உடலை இரண்டே அறைகளாகப் பாவித்துக்கொள்வோம். ஒன்று குடல், மற்றது ரத்தம். விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து ரத்தத்துக்குப் போகிறது. ரத்தத்திலிருந்து கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றுகிறது. இரண்டு இடத்திலும் விதி ஒன்றே: இருப்பது எவ்வளவோ அதற்கேற்ற வேகத்தில் குறையும். நிறைய இருந்தால் வேகமாக, கொஞ்சம் இருந்தால் மெதுவாக. குடலில் உள்ளதை G என்றும் ரத்தத்தில் உள்ளதை B என்றும் வைத்தால் கணக்கு முழுவதும் இரண்டு வரிதான்.

```
dG/dt = -ka·G
dB/dt =  ka·G - ke·B
```

ka என்பது குடல் காலியாகும் வீதம், ke என்பது ரத்தம் மருந்தை இழக்கும் வீதம். 1937-ல் ஸ்வீடனின் டார்ஸ்டன் டியோரெல் மருந்து உடலில் நகர்வதை இப்படிச் சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார். இதே வடிவச் சமன்பாடுகளை 1910-லேயே ஹாரி பேட்மன் கதிரியக்கத்துக்காகத் தீர்த்திருந்தார். ஒரு தனிமம் சிதைந்து இன்னொன்றாகி அதுவும் சிதைவதும், குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்த மருந்து அங்கிருந்தும் மறைவதும் கணிதத்துக்கு ஒன்றுதான்.

எண்களோடு பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 300 மில்லிகிராம் தியோஃபிலினை விழுங்குகிறார். குடலில் உள்ளது அரை மணிக்கு ஒருமுறை பாதியாகிறது என்று கொள்வோம். ரத்தத்தில் உள்ளது பாதியாக 8 மணி நேரம் பிடிக்கிறது. புகைபிடிக்காத, கல்லீரல் நன்றாக இருக்கும் பெரியவருக்கு இது வழக்கமான அளவு. அப்படியானால் ka மணிக்கு 1.386, ke மணிக்கு 0.0866.

சிக்கல் இரண்டாம் வரியில் இருக்கிறது. B மாறுவது G-யையும் பொறுத்தது. அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே ஜோடியாகப் பார்க்கிறோம். எந்த ஜோடியில் தொடங்கினால் இரண்டு எண்ணும் ஒரே விகிதம் மாறாமல் சேர்ந்தே தேயும்? அப்படி இரண்டு உண்டு. குடல் காலி, ரத்தத்தில் மட்டும் மருந்து என்பது முதல் ஜோடி. அது ke வீதத்தில் தேயும். இரண்டாவது சற்று விசித்திரமானது: குடலில் 1, ரத்தத்தில் கழித்தல் 1.067. அது ka வீதத்தில் தேயும். ரத்தத்தில் மருந்து எப்படிக் கழித்தலில் இருக்கும் என்று கேட்கலாம். தனியாக அது எந்த உடலிலும் இருக்காது. ஆனால் முதல் ஜோடியோடு சேரும்போது நிஜமாகிவிடுகிறது. தொடக்க நிலை குடலில் 300, ரத்தத்தில் 0. இரண்டாம் ஜோடியை 300 மடங்கு எடுத்தால் ரத்தத்தில் கழித்தல் 320 வரும். அதை ஈடுகட்ட முதல் ஜோடியில் 320 வேண்டும். கணக்கு அவ்வளவுதான் (கல்லூரியில் ஐகன் மதிப்பு, ஐகன் திசையன் என்று படிப்பது இதைத்தான்).

```
B(t) = 320·( e^(-0.0866·t) - e^(-1.386·t) )
```

அரை மணியில் ரத்தத்தில் 146 மில்லிகிராம் வந்திருக்கும். ஒரு மணியில் 213. உச்சம் 2 மணி 8 நிமிடத்தில், 249 மில்லிகிராம். இந்த மருந்து ரத்தத்தோடு நிற்காமல் உடல் நீரிலும் பரவுவதால் இவருக்கு ஏறக்குறைய 30 லிட்டரில் கரைந்ததாகக் கணக்கு. எனவே உச்சத்தில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம். 8 மணி நேரம் கழித்து 5.3. ஒரு மாத்திரை பத்தைத் தொடவே இல்லை.

இங்கேதான் சமன்பாடு நேரியலாக இருப்பது கைகொடுக்கிறது. இரண்டாம் மாத்திரையின் வளைவை முதலாவதன் மிச்சத்தோடு அப்படியே கூட்டிக்கொள்ளலாம். ஒன்று மற்றதன் போக்கை மாற்றாது. 8 மணிக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் கொடுத்துவந்தால், அடுத்த வேளைக்குச் சற்று முன் உடலில் மிஞ்சுவது 160, 80, 40 என்று பாதி பாதியாகக் கூடி 320-ஐ நெருங்கும். லிட்டருக்கு 10.7. மாத்திரை போட்ட 1 மணி 36 நிமிடத்தில் உச்சம், 17.4. இரண்டுமே இடைவெளிக்குள். முதல் நாளிலேயே இந்த நிலை வந்துவிடாது, ஒன்றரை நாளாவது ஆகும்.

அதே நோயாளிக்கு வேறொரு தொற்றுக்காக சிப்ரோஃப்ளாக்சசின் சேர்க்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தியோஃபிலினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அது தடுக்கும். வெளியேற்றம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே அரை ஆயுள் 12 மணி நேரமாகும். சராசரி அளவு 14.4-லிருந்து 21.6-க்கு ஏறும். மாத்திரை மாறவில்லை, வேளையும் மாறவில்லை. புகைபிடிப்பவருக்கு இதே நொதி கூடுதலாக வேலை செய்வதால் மருந்து சீக்கிரம் போய்விடும். அவர் புகையை விட்டால் அளவைக் குறைக்காவிட்டால் மருந்து ஏறத் தொடங்கும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. தியோஃபிலின் பெரும்பாலும் மெதுவாகக் கரையும் மாத்திரையாக வருகிறது. குடலில் பாதியாக 8 மணி நேரம், ரத்தத்தில் பாதியாக 4 மணி நேரம் என்று வைத்துப் பாருங்கள். இரத்தப் பரிசோதனையில் வளைவின் வால் 8 மணிக்கு ஒருமுறை பாதியாகும். பார்ப்பவர் கல்லீரல் மெதுவாக வேலை செய்கிறது என்று நினைப்பார். உண்மையில் மெதுவானது மாத்திரை. ka-வையும் ke-யையும் இடம் மாற்றினால் சூத்திரத்தில் வளைவின் வடிவம் சிறிதும் மாறாது. உயரம் மட்டும் இரண்டு மடங்காகும். மருந்து எத்தனை லிட்டரில் பரவியது என்று தெரியாதவரை அந்த உயரமும் சாட்சியாகாது. எத்தனை முறை ரத்தம் எடுத்தாலும் மாத்திரை வளைவு ஒன்றை மட்டும் வைத்து எது எது என்று பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரே நேரான வழி, குடலைத் தாண்டிச் செல்வது. தியோஃபிலினை அமினோஃபிலின் என்ற உப்பாக நரம்பு ஊசியில் ஏற்றலாம். அப்போது G தொடக்கத்திலேயே பூஜ்யம், சமன்பாட்டில் முதல் ஜோடி மட்டுமே மிஞ்சும், வால் காட்டுவது ke மட்டும். அது 4 மணி நேரமாக இருந்தால், மாத்திரையில் கண்ட 8 மணி நேரம் குடலுடையது என்று தெரிந்துவிடும்.

இந்த மாதிரிக்கு ஓர் எல்லை உண்டு. இருப்பதற்கு ஏற்ற வேகத்தில் வெளியேறும் என்ற விதி எல்லா மருந்துக்கும் பொருந்தாது. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், சிகிச்சை அளவிலேயே கல்லீரல் நொதிகளை நிரப்பத் தொடங்கிவிடும். அப்போது அளவைக் கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் மிக அதிகமாக ஏறும், பழைய வளைவோடு புதியதைக் கூட்டும் வழியும் செல்லாது. தியோஃபிலினிலும் சில குழந்தைகளிடமும் அளவு மீறியவர்களிடமும் இது நேர்வதுண்டு. அதனால்தான் சந்தேகம் வரும்போது மருத்துவர்கள் கணக்கை மட்டும் நம்பாமல், அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பு ரத்தம் எடுத்து அளவைப் பார்க்கச் சொல்கிறார்கள்.