எச்-12 யாருக்கு?

பெரிய நடிகர் ஒருவரின் படத்துக்கு முன்பதிவு திறந்துவிட்டது. நீங்கள் எச் வரிசையில் 12-ம் இருக்கையைத் தொடுகிறீர்கள். அதே நொடியில் ஊரில் இன்னும் முப்பது பேர் அதே இருக்கையைத் தொடுகிறார்கள். ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். இருவருக்குக் கிடைத்துவிட்டால் தியேட்டர் வாசலில் சண்டை.

‘இந்த முன்பதிவை எப்படிக் கட்டுவீர்கள், சொல்லுங்கள்’ என்பது பேக்எண்ட் பொறியாளர் வேலைக்கான நேர்காணலில் வரக்கூடிய கேள்வி. பேக்எண்ட் என்றால், நாம் செயலியில் பட்டனை அழுத்தியதும் திரைக்குப் பின்னால் ஓடும் பகுதி. இந்தச் சுற்றுக்கு ‘சிஸ்டம் டிசைன்’ என்று பெயர். பெரும்பாலும் முக்கால் மணி நேரம், ஒரு வெள்ளைப் பலகை, ஒரு மார்க்கர். நான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியும் இருக்கிறேன், பிற்பாடு பிறரிடம் கேட்டும் இருக்கிறேன்.

கேட்கும்போது அடிக்கடி பார்ப்பது இது: கேள்வி முடிவதற்குள் மார்க்கரை எடுத்து மளமளவென்று பத்துப் பெட்டிகள் வரைந்துவிடுவார்கள். லோட் பேலன்சர், காஃப்கா, ஏழெட்டு மைக்ரோசர்வீஸ். ஒவ்வொன்றும் நல்ல சரக்குதான். ஆனால் எதற்கு என்று கேட்டால் ‘ஸ்கேல் ஆகும் சார்’ என்பதைத் தாண்டி பதில் வராது.

ஒருமுறை வந்த இளைஞர் மார்க்கரைத் தொடவே இல்லை.

“எந்த சீட்டுன்னு அவங்களே தொட்டு எடுக்கணுமா சார், இல்ல நாமளே ஒதுக்கிடலாமா?”

கேட்க எளிமையாகத் தெரிகிறது. ஆனால் பாதி வடிவமைப்பு இதில் அடங்கிவிடும். ரயிலில் கீழ்ப்படுக்கை வேண்டும் என்று விருப்பம் சொல்கிறோம். இந்த எண்தான் வேண்டும் என்று தொட்டுக் காட்டுவதில்லை. அங்கே முப்பது பேர் ஒன்றாக வந்தாலும் முப்பது வேறு வேறு இடங்களைக் கொடுத்து அனுப்பிவிடலாம். சினிமாவில் அவர்களே எடுக்க வேண்டும் என்றேன். மோதல் உறுதி என்று குறித்துக்கொண்டார்.

அடுத்து அளவு கேட்டார். ஓர் ஊர், 40 திரை, ஒவ்வொன்றிலும் சுமார் 300 இருக்கை, முதல் நாள் ஐந்து காட்சி, முதல் பத்து நிமிடத்தில் இரண்டு லட்சம் பேர் வருவார்கள் என்று ஒரு கற்பனைக் கணக்கைக் கொடுத்தேன். பலகையின் மூலையில் கணக்குப் போட்டார். மொத்தம் 60,000 இருக்கை. ஆளுக்கு மூன்று என்றால் 20,000 பதிவு. எல்லாமே பத்து நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தாலும் நொடிக்கு 33 பதிவுதான். பார்ப்பவர்கள் கணக்கு வேறு: இரண்டு லட்சம் பேரும் பத்துப் பத்து முறை இருக்கை வரைபடத்தைத் திறந்தால் நொடிக்கு 3,300-க்கும் மேல்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நொடிக்கு 33 பதிவு என்பது ஒரே ஒரு டேட்டாபேஸ் சர்வர் சிரமமில்லாமல் செய்யும் வேலை. தோற்றுப்போகும் முயற்சிகள் அதைப்போல் பல மடங்கு வந்தாலும் தாங்கும். இதற்கு டேட்டாபேஸைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பத்து இயந்திரத்தில் வைக்க வேண்டியதில்லை. கூட்டம் முழுக்க வேடிக்கை பார்க்கும் பக்கம்தான்.

வேடிக்கைக்கு அவர் சொன்ன வழி, காட்சிக்கு ஒரு வரைபடப் பிரதி எடுத்து கேஷில், அதாவது கைக்கெட்டும் தற்காலிக நினைவகத்தில், வைத்துவிடுவது. இரண்டு நொடிக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். 200 காட்சிக்கு டேட்டாபேஸிடம் நொடிக்கு 100 கேள்விதான் போகும். விலையும் அவரே சொன்னார்: “ரெண்டு செகண்டுக்கு முன்னாடி போன சீட்டு இன்னும் காலியாத் தெரியும். தொட்டா ‘இப்பதான் போச்சு’ன்னு வரும். பரவாயில்லையா சார்?” பரவாயில்லை என்றேன். பார்ப்பதில் கொஞ்சம் பழசு இருக்கலாம். விற்பதில் இருக்கக் கூடாது.

விற்பதில் என்ன செய்வது? இருக்கையைத் தொட்டவர் பணம் கட்டி முடிக்க எட்டு நிமிடம் தருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை இருக்கையை அவர் பெயரில் பிடித்து வைக்க வேண்டும். ஒரு வழி டேட்டாபேஸிலேயே வைப்பது:

```
UPDATE seats
SET held_by = 42,
    held_until = now() + interval '8 minutes'
WHERE show_id = 7 AND seat_no = 'H12'
  AND sold = false
  AND (held_until IS NULL OR held_until < now());
```

முப்பது பேர் ஒரே சமயத்தில் இதை அனுப்பினாலும் டேட்டாபேஸ் அந்த ஒரு வரிசையை ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான் தொடவிடும். முதல்வருக்கு ‘ஒரு வரி மாறியது’ என்று பதில் வரும். மற்றவர்களுக்குப் பூஜ்யம். பூஜ்யம் வந்தால் இருக்கை போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொரு வழி ரெடிஸ். எல்லாவற்றையும் நினைவகத்திலேயே வைத்திருப்பதால் மிக வேகம்.

```
SET show7:H12 42 NX EX 480
```

யாரும் பிடிக்காதிருந்தால் மட்டும் எழுது, 480 நொடியில் தானாக அழித்துவிடு. காலாவதியைத் தானே பார்த்துக்கொள்கிறது. டேட்டாபேஸுக்கும் சுமை இல்லை. பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். இவர் இதன் குறையையும் சொன்னார். ரெடிஸ் தன் மாற்று இயந்திரத்துக்குத் தகவலைக் கொஞ்சம் தாமதித்தே அனுப்புகிறது. ‘உனக்குத்தான்’ என்று சொன்ன மறுகணம் முதன்மை இயந்திரம் விழுந்தால், அந்தப் பிடிப்பு தெரியாத மாற்று இயந்திரம் பொறுப்பேற்கும். அது எச்-12-ஐ இன்னொருவருக்கும் கொடுத்துவிடும். அபூர்வம்தான், ஆனால் கூட்டம் முண்டியடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் இயந்திரம் விழாது என்று யார் சொல்ல முடியும்? அதோடு, குடும்பமாக மூன்று இருக்கை கேட்டு இரண்டு கிடைத்து மூன்றாவது போய்விட்டால், கிடைத்த இரண்டையும் நாமே விடுவிக்க வேண்டும். டேட்டாபேஸில் மூன்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்தால் எல்லாம் கிடைக்கும், அல்லது ஒன்றும் மாறாது.

“நொடிக்கு 33தானே சார், டேட்டாபேஸ்லயே வெச்சுக்கறேன். ஆயிரக்கணக்குல முயற்சி வந்தா முன்னாடி ரெடிஸ் வைக்கலாம். அப்பவும் கடைசி வார்த்தை டேட்டாபேஸோடதுதான்.” ரெடிஸைத் தேர்ந்திருந்தாலும் நான் மதிப்பெண் குறைத்திருக்க மாட்டேன், அதன் குறையைத் தெரிந்து தேர்ந்திருந்தால். இந்தச் சுற்றில் ஒரே சரியான விடை கிடையாது என்பதைப் பலர் நம்புவதே இல்லை.

முடியப் பத்து நிமிடம் இருந்தது. கொஞ்சம் குடைந்தேன். எட்டு நிமிடம் முடிந்தது, இருக்கை வேறொருவருக்குப் போய்விட்டது, ஒன்பதாவது நிமிடத்தில் வங்கியிலிருந்து ‘முதலாமவர் பணம் வந்துவிட்டது’ என்று செய்தி வருகிறது. இப்போது எச்-12 யாருக்கு?

யோசித்தார். வாடிக்கையாளருக்கு எட்டு நிமிடம் என்று காட்டி, உள்ளே பத்து நிமிடம் பிடித்து வைக்கலாம். தாமதமாக வரும் பணத்தில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். ஆனால் பணம் கட்டாமல் போனவரின் இருக்கையும் கூடுதலாக இரண்டு நிமிடம் விற்காமல் கிடக்கும். அதையும் தாண்டி வந்தால் இரண்டாமவருக்கே இருக்கை, முதலாமவருக்குப் பணம் திரும்பும். வங்கி ஒரே செய்தியை இரண்டு முறை அனுப்பினால் இரண்டு முறை திருப்பிவிடாதபடி, ஒவ்வொரு பதிவு எண்ணுக்கும் ஒரே ஒரு முறைதான் பணம் திரும்பலாம் என்று டேட்டாபேஸிலேயே கட்டுப்பாடு வைக்க வேண்டும்.

பிறகு மார்க்கரை மூடிக்கொண்டே கேட்டார்: “திருப்பித் தர்றதை நாமளே செய்யணுமா சார், இல்ல அதுக்குக் கணக்குப் பிரிவு இருக்கா?”