மகள் பெயரில் வட்டி, அம்மா கணக்கில் வரி

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேத்தியின் பெயரில் தாத்தா 6 லட்ச ரூபாயை வங்கியில் டெபாசிட்டாகப் போடுகிறார். வங்கியில் பான் எண் கேட்கிறார்கள். குழந்தைக்குப் பான் இல்லை. கார்டியனாகக் கையெழுத்திட்ட அப்பா தன் எண்ணைக் கொடுத்துவிடுகிறார். ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம், 42,000 ரூபாய் வருகிறது. இது 2024-25 நிதியாண்டு. அந்த ஆண்டில் வங்கி வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால் டிடிஎஸ் உண்டு என்பதால், வங்கி 10 சதவீதமாக 4,200 ரூபாயைப் பிடித்து அப்பாவின் பான் எண்ணில் கட்டிவிடுகிறது.

அப்பா தனியார் நிறுவன ஊழியர். வரிக்குரிய வருமானம் ஆறரை லட்சம். புதிய வரி முறையில் 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் அவருக்கு வரியே இல்லை. ரிட்டர்ன் போடும்போது படிவத்தில் அந்த 4,200 ரூபாய் டிடிஎஸ் தானாகவே வந்து நிற்கிறது. வட்டி குழந்தையுடையது, நம்முடையது இல்லையே என்று அதை விட்டுவிட்டு, டிடிஎஸ்ஸை மட்டும் திரும்பக் கேட்கிறார். ரீஃபண்டும் வந்துவிடுகிறது. நவம்பரில் ஒரு மின்னஞ்சல் வருகிறது: உங்கள் ரிட்டர்னும் எங்களிடம் உள்ள தகவலும் ஒத்துப்போகவில்லை.

இந்தக் குடும்பம் நான் அமைத்துக்கொண்ட உதாரணம்தான். ஆனால் இதே சிக்கல் எத்தனையோ வீடுகளில் உண்டு.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64(1A) பிரிவு, மைனர் குழந்தையின் வருமானத்தைப் பெற்றோரில் ஒருவருடைய வருமானத்தோடு சேர்க்கச் சொல்கிறது. எந்தப் பெற்றோர் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. குழந்தையின் வருமானத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ, அவருடைய கணக்கில்தான் அது போக வேண்டும். வங்கியில் கையெழுத்திட்டவர் யார், யாருடைய பான் பதிவாகியிருக்கிறது என்பதெல்லாம் இங்கே பொருட்டல்ல. நம் உதாரணத்தில் அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸ், வரிக்குரிய வருமானம் 9 லட்சம். ஆகவே தகவல் கேட்டது அப்பாவிடம் என்றாலும், வட்டியைக் காட்ட வேண்டியவர் அம்மா. அப்பாவின் கணக்கில் போட்டால் வரியே வராதே என்ற கணக்கு சட்டத்தின் முன் செல்லாது. ஒரு முறை ஒருவர் கணக்கில் சேர்த்துவிட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அங்கேயே தொடரும். மாற்ற வேண்டுமென்றால் வரி அதிகாரிதான் விசாரித்து மாற்ற வேண்டும். பெற்றோர் பிரிந்திருந்தால், குழந்தையை வைத்துப் பராமரிப்பவர் கணக்கில் சேரும்.

குழந்தையின் கைக்கு வரும் எல்லாப் பணமும் இப்படிச் சேர்வதில்லை. அந்தச் சிறுமிக்கு ஒரு அறக்கட்டளை படிப்புக்காக ஆண்டுக்கு 24,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது என்றால், அது 10(16) பிரிவின்படி வரிவிலக்குப் பெற்றது. அரசு கொடுத்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. படிப்புச் செலவுக்காகக் கொடுத்ததாக இருந்தால் போதும். தாத்தா கொடுத்த 6 லட்சத்துக்கும் வரி இல்லை, நெருங்கிய உறவினர் தரும் அன்பளிப்பு அது. மேடையில் பாடி அவள் சன்மானம் வாங்கினால், அது சொந்தத் திறமையால் வந்த வருமானம்; அவளுடைய கணக்கிலேயே நிற்கும், பெற்றோரிடம் போகாது. பலர் கவனிக்கத் தவறுவது அடுத்த படியைத்தான். உதவித்தொகையையோ சன்மானத்தையோ டெபாசிட்டில் போட்டால், அதற்கு வரும் வட்டி பெற்றோர் கணக்கில் சேரும். விலக்கு அந்தப் பணத்துக்குத்தான், அது போடும் குட்டிக்கு இல்லை. செல்வமகள் சேமிப்பில் இந்தத் தொல்லை கிடையாது, அங்கே வட்டிக்கே விலக்கு உண்டு.

இனி அந்த மின்னஞ்சல். அதில் இருக்கும் இணைப்பைத் தொடாமல் நேரே incometax.gov.in தளத்துக்குப் போய் நுழைவதே நல்லது. Pending Actions என்ற இடத்தில் Compliance Portal இருக்கும், அதற்குள் e-Campaign. முறையான நோட்டீஸாக இருந்தால் அதே இடத்தில் e-Proceedings பகுதியில் கிடக்கும். பதில் தர வேண்டிய கடைசித் தேதியும் அங்கேயே தெரியும். அப்பாவின் ஏஐஎஸ் அறிக்கையில் அந்த 42,000 ரூபாய் வங்கியின் பெயரோடு நிற்கும். அதற்கு நேரே பதில் சொல்லப் பல தேர்வுகள் உண்டு. கோபத்தில் பலர் அழுத்துவது Information is denied. அது தவறு, ஏனென்றால் டெபாசிட் இருப்பது உண்மை. இங்கே பொருந்துவது Information relates to other PAN/Year. அதைத் தேர்ந்தெடுத்து அம்மாவின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

அதோடு வேலை முடிந்துவிடாது. ஏஐஎஸ்ஸில் பதில் சொல்வதால் ரிட்டர்ன் மாறிவிடாது. டிசம்பர் 31 வரை திருத்திய ரிட்டர்ன் போடலாம் என்பதால், இருவருமே போட வேண்டும். அப்பா தான் கேட்ட 4,200 ரூபாய் டிடிஎஸ்ஸை நீக்கி, வாங்கிய ரீஃபண்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். வருமானம் ஒருவரிடம், டிடிஎஸ் இன்னொருவரிடம் என்று இருக்க முடியாது.

அம்மா முன்பு ஐடிஆர்-1 போட்டிருப்பார். இன்னொருவர் பெயரில் பிடித்த டிடிஎஸ்ஸைக் கேட்பவர் அந்தப் படிவத்தைப் பயன்படுத்த முடியாது, ஐடிஆர்-2 வேண்டும். அதில் Schedule SPI என்ற பக்கத்தில் மகளின் பெயர், உறவு, தொகை ஆகியவற்றை எழுதி, வட்டியை இதர வருமானத்தில் சேர்க்க வேண்டும். டிடிஎஸ் பக்கத்தில், இது வேறொருவர் பெயரில் பிடிக்கப்பட்டது என்று குறித்து அப்பாவின் பான் எண்ணை எழுத வேண்டும்.

இவ்வளவுக்கும் தொகை எவ்வளவு? அம்மா புதிய வரி முறையில் இருந்தால் அந்த ஆண்டு அவருடைய வருமானத்துக்கு 10 சதவீத வரி. 42,000 ரூபாய்க்கு 4,200, அதன் மேல் 4 சதவீத செஸ் 168, ஆக 4,368 ரூபாய். டிடிஎஸ் 4,200 கழிந்தால் கையிலிருந்து கட்டுவது 168 ரூபாய்தான். பழைய முறையில் இருந்தால் ஒரு குழந்தைக்கு 1,500 ரூபாய் விலக்கு கிடைக்கும். மீதி 40,500 ரூபாய்க்கு 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 8,424 ரூபாய். இந்த 1,500 ரூபாய் விலக்கு புதிய முறையில் கிடையாது. தெரியாமல் கழித்துவிடுகிறவர்கள் உண்டு.

ஆனால் அந்த 4,200 ரூபாய் அவ்வளவு எளிதாகக் கழிந்துவிடுவதில்லை. அம்மாவின் 26ஏஎஸ் அறிக்கையில் அந்தத் தொகை இல்லாததால், கணினி அதை ஏற்காமல் 143(1) பிரிவில் பாக்கி கேட்டுக் கடிதம் அனுப்பலாம். இதற்கு வழி வங்கியில்தான் இருக்கிறது. 37BA விதியின்படி அப்பா வங்கிக்கு ஓர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும்: அம்மாவின் பெயர், முகவரி, பான், எந்த டெபாசிட்டின் வட்டி, அது மைனர் மகளின் வருமானமாக அம்மா கணக்கில் சேர்கிறது என்ற காரணம். வங்கி தன் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தினால் தொகை அம்மாவின் 26ஏஎஸ்ஸுக்கு வந்துவிடும். அதன் பிறகு 154 பிரிவில் திருத்தம் கேட்டால் பாக்கி நீங்கும். கவுண்டரில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம். விதி எண்ணைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது.

டிசம்பர் 31 தாண்டிவிட்டால் மிஞ்சுவது ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் போட்டால், கட்ட வேண்டிய வரி, வட்டி ஆகியவற்றின் மேல் கூடுதலாக 25 சதவீதம். அதற்கும் தாமதித்தால் 50, 60, 70 என்று ஏறும்.

மகளுக்கு 18 வயது ஆகும் நாள் வரையிலான வட்டிதான் அம்மா கணக்கில் சேரும். அன்று முதல் வருவது மகளுடையது. அந்த ஆண்டுக்கு மட்டும் வங்கியிடம் பிறந்தநாளுக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்த வட்டிச் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். அதற்குள் மகளுக்கென்று ஒரு பான் எடுத்து, டெபாசிட்டில் பதிவாகியிருக்கும் அப்பாவின் எண்ணையும் மாற்றிவிட வேண்டும்.