விகிதச் சோதனை

விகிதச் சோதனை என்பது ஒரு முடிவிலித் தொடர் ஒருங்குமா, விரியுமா என அறிய உதவும் முறையாகும். அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதமான |aₙ₊₁/aₙ| என்பதன் எல்லை L எனில், L < 1 ஆனால் தொடர் ஒருங்கும்; L > 1 ஆனால் விரியும்; L = 1 ஆனால் முடிவு கூற இயலாது.

== எளிய எடுத்துக்காட்டு ==
Σ 1/n! என்ற தொடரில் விகிதம் 1/(n+1). இதன் எல்லை 0. எனவே தொடர் ஒருங்கும்.

== இராமானுசனின் தொடர் ==
1912-ல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியில் சேர்ந்த சீனிவாச இராமானுசன், 1914-ல் வெளியிட்ட கட்டுரையில் பின்வரும் தொடரைத் தந்தார்:

```
1/π = (2√2/9801) Σ (4k)!(1103+26390k) / ((k!)⁴ 396⁴ᵏ),  k = 0, 1, 2, ...
```

k-க்குப் பதிலாக k+1 இட்டு, கிடைக்கும் உறுப்பை முந்தைய உறுப்பால் வகுத்தால் மூன்று காரணிகள் கிடைக்கின்றன.

* தொடர்பெருக்கங்களிலிருந்து (4k+4)(4k+3)(4k+2)(4k+1)/(k+1)⁴ வரும். இதன் எல்லை 4⁴ = 256.
* (1103+26390(k+1))/(1103+26390k) என்பதன் எல்லை 1.
* மூன்றாவது காரணி 1/396⁴, இது மாறிலி.

ஆகவே L = 4⁴/396⁴ = 1/99⁴ = 1/96059601. இது 1-ஐ விட மிகச் சிறியது, தொடர் ஒருங்கும். ஒவ்வோர் உறுப்பும் முந்தையதில் ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒரு பங்காகச் சுருங்குவதால், ஓர் உறுப்பைக் கூட்டும்போது π-இன் மதிப்பில் ஏறக்குறைய 8 இலக்கங்கள் கூடுதலாகச் சரியாகின்றன.

== சோதனை பயன்படாத இடம் ==
Σ 1/n-இல் விகிதம் n/(n+1). இது எப்போதும் 1-ஐ விடக் குறைவு. ஆயினும் தொடர் விரிகிறது. எல்லை 1 என்பதே காரணம். Σ 1/n²-க்கும் எல்லை 1. ஆனால் அது ஒருங்குகிறது. எனவே விகிதம் 1-ஐ விடக் குறைவாக இருப்பது மட்டும் போதாது. அதன் எல்லையும் 1-ஐ விடக் குறைவாக இருத்தல் வேண்டும். எல்லை 1 ஆகும் இடங்களில் தொகையீட்டுச் சோதனை போன்ற வேறு முறைகளை நாட வேண்டும்.